மூச்சு லேசாகிவிட்டது, எண் நகரவில்லை: திருப்பூர் கிளினிக்கில் ஒரு நிகழ்வு ஆய்வு

திருப்பூரில் நெஞ்சு நோய் கிளினிக் ஒன்றில் ஊதும் மெஷினை ஓட்டுவது என் வேலை. ஸ்பைரோமீட்டர் என்று அதற்குப் பேர். ஆனால் வருகிறவர்கள் "ஊதற டெஸ்ட் எங்கீங்க எடுக்கறது?" என்றுதான் கேட்பார்கள். பனியன் கம்பெனி, ஸ்பின்னிங் மில், பஞ்சு வேஸ்ட் குடோன் என்று தூசிக்குப் பஞ்சமில்லாத ஊர், அதனால் என் நாற்காலிக்கு எதிர் நாற்காலி காலியாக இருப்பது அபூர்வம். இங்கே எழுதப்போவது அப்படி வந்து உட்கார்ந்த ஒரே ஒருவரைப் பற்றி. அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை மாற்றிவிட்டேன். அக்கா என்றே வைத்துக்கொள்வோம், நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

அக்காவுக்கு 54 வயது. அவிநாசிப் பக்கம் ஒரு கிராமம், வேலை வேஸ்ட் குடோனில் பஞ்சு பிரிப்பது. ஐந்தாறு வருஷமாக இழுப்பு. முதல் தடவை வந்தது மார்கழியில், பனி கொட்டுகிற ஒரு காலை நேரம். பஸ் ஸ்டாப்பிலிருந்து கிளினிக் வரைக்கும் நடப்பதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிட்டதாகச் சொன்னார். "ராத்திரி படுக்க முடியறதில்ல கண்ணு, தலகாணிய அடுக்கி வெச்சு உக்காந்தேதான் தூங்கறன்." மூச்சுத் திணறலுக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீர்கள் என்று எல்லோரிடமும் கேட்பது எங்கள் வழக்கம். சைபர் என்றால் திணறலே இல்லை, பத்து என்றால் தாங்க முடியவில்லை. அக்கா 8 போட்டார்.

ஊதும் டெஸ்ட்டைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், பின்னால் வரும் எல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது. மூக்கில் கிளிப் போட்டு, வாயில் குழாயை இறுக்கிக் கவ்வி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, ஒரே வீச்சாக ஊத வேண்டும். ஆறு நொடி விடாமல் ஊத வேண்டும். இதில் முதல் நொடியில் எவ்வளவு காற்று வெளியே வந்தது என்பதுதான் ஆஸ்துமாவுக்கு முக்கியமான எண். திரையில் FEV1 என்று வரும், நாம் முதல் நொடி அளவு என்று சொல்லிக்கொள்ளலாம். மூச்சுக்குழாய் சுருங்கியிருந்தால் நுரையீரலில் காற்று இருந்தும் முதல் நொடியில் வெளியே வராது. தண்ணீர்க் குழாயை மடக்கிப் பிடித்த மாதிரி. குறைந்தது மூன்று தடவை சரியாக ஊத வைப்போம். அவற்றில் நல்ல இரண்டுக்கும் இடையே 150 மில்லிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது.

அக்காவின் உயரத்துக்கும் வயதுக்கும் முதல் நொடி அளவு ஏறக்குறைய 2 லிட்டர் இருக்க வேண்டும். இருந்தது 1.38. அப்புறம் சால்பியூட்டமால் இன்ஹேலரை ஸ்பேசர் டப்பா வழியாக நாலு அடி கொடுத்து, பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி ஊத வைத்தேன். 1.70. கூடியது 320 மில்லி, சதவீதத்தில் 23. வழக்கமாக 12 சதவீதமும் 200 மில்லியும் தாண்டினாலே மருந்துக்குக் குழாய் திறக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். டாக்டர் தினசரி இன்ஹேலர் ஒன்றும், திணறல் வந்தால் அடிக்கச் சால்பியூட்டமாலும் எழுதிக்கொடுத்தார்.

அக்கா இரண்டையும் வாங்கினார். அடிக்கவில்லை.

பங்குனிக்கு வந்த அக்கா

அடுத்து வந்தது பண்ணாரி குண்டம் முடிந்த வாரம். மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். அக்கா முகத்தில் ஒரு தெளிச்சி. "இன்ஹேலரு அடிச்சா பழகிருமாம், அதுனால நா தொடல கண்ணு. ஒரு வைத்தியர்கிட்டப் போனன். பொடி குடுத்தாரு. வெடியால வெறும் வயித்துல தேன்ல கொழச்சுத் திங்கோணும். தயிரு, வாழப்பழம், புளி ஆகாது. இப்ப மூச்சு நல்லா உடுது." வைத்தியர் அரை மணி நேரம் கையைப் பிடித்துக்கொண்டே பேசினாராம், குடோன் வேலையிலிருந்து மருமகன் சண்டை வரைக்கும் கேட்டாராம். எங்கள் கிளினிக்கில் அவ்வளவு நேரம் யாரும் யாரிடமும் பேசுவதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

மார்க் கேட்டேன். 4 என்றார். எட்டு பாதியாகியிருக்கிறது.

ஊத வைத்தேன். 1.31 வந்தது. மார்கழியைவிடக் குறைவு! எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. பொடியாவது ஒண்ணாவது என்று முன்பே முடிவு கட்டியிருந்தேனே, அதை மெஷினும் ஒத்துக்கொண்டது. பிரிண்ட் எடுத்து டாக்டரிடம் நீட்டினேன்.

அவர் எண்ணைப் பார்க்கவில்லை, வரைபடத்தைப் பார்த்தார். "ஏம்மா, ஆரம்பமே மழுங்கியிருக்கே. முனை கூராக எழும்பவில்லை பார். மார்கழிப் படத்தை எடு." எடுத்தேன். அதில் கோடு செங்குத்தாக ஏறி கூராக நின்றது. இன்றைய படத்தில் மேடு மொட்டையாக இருந்தது. முழு வீச்சில் ஊதத் தொடங்கவில்லை என்று அதற்கு அர்த்தம். அதற்குக் காரணம் நான். மார்கழியில் "ஊதுங்க ஊதுங்க ஊதுங்க, விடாதீங்க, இன்னும் இன்னும்" என்று அறையே அதிரக் கத்தியிருந்தேன். பங்குனியில் "சரி, ஊதுங்கக்கா" என்று சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் செய்திருக்கிறேன்.

டாக்டர் அக்காவை அடுத்த அறையில் இருந்த புதுத் தம்பியிடம் அனுப்பினார். அவனுக்குப் பொடி விஷயமும் தெரியாது, பழைய எண்ணும் தெரியாது. அவன் தொண்டை கிழியக் கத்தி எடுத்த அளவு 1.46. அதாவது என் மனசின் கனம் 150 மில்லி. பிறகு அவனே நாலு அடி சால்பியூட்டமால் கொடுத்து எடுத்தது 1.79. கூடியது 330 மில்லி, ஏறக்குறைய மார்கழியில் கூடிய அதே அளவுதான். அக்காவின் மார்க் 4-லிருந்து 3 ஆனது.

இப்போது எண்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்று மாசத்தில் முதல் நொடி அளவு 1.38-லிருந்து 1.46. எண்பது மில்லி என்பது ஒரே ஆள் அடுத்தடுத்து ஊதினாலே வருகிற வித்தியாசத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் அதே மூன்று மாசத்தில் திணறல் மார்க் எட்டிலிருந்து நாலு. பதினைந்து நிமிஷத்தில் 330 மில்லி கூட்டிய மருந்தோ, ஒரே ஒரு மார்க்தான் குறைத்தது. நுரையீரல் ஒரு கணக்குச் சொல்கிறது, அக்கா வேறு கணக்குச் சொல்கிறார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

"பொடி வேலை செய்ததா இல்லையா டாக்டர்?" என்று கேட்டேன்.

"இதை வெச்சு என்னாலும் சொல்ல முடியாது, உன்னாலும் முடியாது" என்றார். மார்கழிப் பனி போய்ப் பங்குனி வெயில் வந்துவிட்டது. மகள் பிரசவத்துக்காக அக்கா இரண்டு மாசமாகக் குடோன் பக்கமே போகவில்லை, பஞ்சுத் தூசி இல்லை. போதாததற்கு, ஜனங்கள் டாக்டரிடமோ வைத்தியரிடமோ போவது நோய் உச்சத்தில் இருக்கும்போதுதான். உச்சத்திலிருந்து எந்தப் பக்கம் நகர்ந்தாலும் இறக்கம்தான், நடுவில் எதைத் தின்றிருந்தாலும் அதற்குப் பேர் வந்துவிடும். இவ்வளவையும் கழித்த பிறகு, பேச்சும் தேனும் பத்தியமும் நம்பிக்கையும் சேர்ந்து தந்த சுகம் ஒன்று இருக்கலாம், அதைத்தான் பிளாசிபோ விளைவு என்கிறோம் என்றார். மருந்துச் சரக்கு இல்லாமல், மருந்து எடுத்துக்கொள்ளும் அந்தச் சடங்கால் வருகிற மாற்றம். பருவம் மாறியதால் வந்த சுகத்தை அதில் சேர்க்கக் கூடாது. நம்மில் பலர் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம்.

கூடவே ஒரு வேலையும் செய்தார். அக்காவின் முகம் ஊதியிருக்கிறதா என்று பார்த்தார், சர்க்கரை, பிரஷர் எடுக்கச் சொன்னார். இழுப்புக்கான பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது எங்கள் துறையில் தெரிந்த விஷயம். நல்ல வேளை, எல்லாம் சரியாக இருந்தது. அப்படிக் கலந்திருந்தால் முதல் நொடி அளவும் நன்றாகவே ஏறியிருக்கும்.

பாஸ்டனில் 12 தடவை ஊதியவர்கள்

அன்று மத்தியானம் டாக்டர் எனக்கு ஒரு ஆய்வைப் பற்றிச் சொன்னார். எனக்கு அது அக்காவையே பெரிதாக்கிக் காட்டியது போல இருந்தது. 2011-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டது. மைக்கேல் வெக்ஸ்லர், டெட் காப்சக் முதலானவர்கள் செய்தது. ஆஸ்துமா உள்ளவர்களில் சால்பியூட்டமாலுக்கு 12 சதவீதமாவது குழாய் திறக்கிறவர்களை மட்டும் பொறுக்கி எடுத்தார்கள். 46 பேர் ஆரம்பித்து 39 பேர் கடைசிவரை வந்தார்கள்.

ஒவ்வொருவருக்கும் நாலு விதமான நாள் உண்டு. ஒரு நாள் உண்மையான சால்பியூட்டமால் இன்ஹேலர். ஒரு நாள் பார்க்க அதே மாதிரி, மருந்து மட்டும் இல்லாத வெற்று இன்ஹேலர். ஒரு நாள் போலி அக்குபஞ்சர், குத்துவது போலத் தெரியும், ஆனால் ஊசி தன் பிடிக்குள்ளேயே சுருங்கிக்கொள்ளும். இன்னொரு நாள் ஒன்றுமே இல்லை, வந்து உட்கார்ந்துவிட்டுப் போக வேண்டியதுதான். எந்த நாள் எது என்பது குலுக்கல் முறையில். இப்படி மூன்று சுற்று, மொத்தம் 12 வருகை. ஒவ்வொரு வருகையிலும் இரண்டு மணி நேரத்துக்கு 20 நிமிஷத்துக்கு ஒரு தரம் ஊத வேண்டும். ஊதி ஊதியே அவர்களுக்கு மூச்சு வாங்கியிருக்கும், பாவம்.

முதலில் நுரையீரல் சொன்னதைப் பார்ப்போம். சால்பியூட்டமால் நாளில் முதல் நொடி அளவு சராசரியாக 20 சதவீதம் கூடியது. வெற்று இன்ஹேலர் நாளில் 7.5. போலி அக்குபஞ்சர் நாளில் 7.3. சும்மா உட்கார்ந்திருந்த நாளில் 7.1.

அந்த 7.1-ஐப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒன்றுமே செய்யாமல் நுரையீரல் 7 சதவீதம் நன்றாகியிருக்கிறது. என் நாற்காலியிலிருந்து பார்த்தால் இதில் ஆச்சரியம் இல்லைதான். காலையில் குழாய்கள் சுருக்கமாக இருக்கும், நேரம் ஏற ஏற விரியும். முதல் தடவை ஊதுகிறவருக்கு மூன்றாவது தடவையில் கை வந்துவிடும். ஆனால் இந்தச் சும்மா நாள் மட்டும் ஆய்வில் இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? "வெற்று இன்ஹேலர்கூட மூச்சுக்குழாயை 7.5 சதவீதம் திறக்கிறது, மனசின் மகிமை பாரீர்" என்று யாராவது எழுதியிருப்பார்கள். கழித்துப் பார்த்தால் மனசின் பங்கு 0.4. அது எதற்கும் காணாது.

இப்போது ஆட்கள் சொன்னது. எவ்வளவு தேவலை என்று அவர்களையே கேட்டபோது சால்பியூட்டமால் நாளில் 50 சதவீதம் தேவலை என்றார்கள். வெற்று இன்ஹேலர் நாளில் 45, போலி அக்குபஞ்சர் நாளில் 46. சும்மா இருந்த நாளில் 21. ஆக, நுரையீரலுக்கு வித்தியாசம் தெரிந்த இடத்தில் ஆளுக்குத் தெரியவில்லை. நுரையீரலுக்கு வித்தியாசமே இல்லாத இடத்தில் ஆளுக்கு நன்றாகத் தெரிகிறது.

இதில் இரண்டு பக்கமும் குழி இருக்கிறது. உணர்வை மட்டும் கேட்டு, வெற்று இன்ஹேலரோடு ஒப்பிட்டிருந்தால், 50-க்கும் 45-க்கும் என்ன பெரிய வித்தியாசம், சால்பியூட்டமால் ஒரு தண்ட மருந்து என்று முடிவு கட்டியிருப்போம். உலகம் முழுக்க உயிர் காக்கிற மருந்து அது. அதே உணர்வை, ஒப்பிட எதுவும் இல்லாமல் போலி அக்குபஞ்சர் நாளில் மட்டும் கேட்டிருந்தால், 46 சதவீத நிவாரணம் என்று போர்டு எழுதி மாட்டியிருப்போம். அந்த 46-ல் 21 சும்மா உட்கார்ந்திருந்தாலே வருவது. மீதி 25தான் சடங்கு தந்தது. அந்த 25 உண்மையான சுகம், அதை நான் இளப்பமாகப் பேச மாட்டேன். அக்காவின் மார்க் எட்டிலிருந்து நாலுக்கு இறங்கியதில் இப்படி ஒரு பங்கு இருக்கலாம், எவ்வளவு என்றுதான் பிரித்துச் சொல்ல வழியில்லை.

இந்த ஆய்வோடு சேர்ந்து வெளியான ஒரு கட்டுரை, நோயாளிக்குச் சுகமாக இருக்கிறது என்றால் அது போதாதா என்று கேட்டதாம். முதுகு வலிக்கு அந்தக் கேள்வி சரி என்று எனக்கும் தோன்றுகிறது. வலியில் உணர்வுதான் நோயே. பல் பிடுங்கியவர்களுக்கு வெற்று மருந்து கொடுத்தபோது வந்த வலி நிவாரணம், நலாக்சோன் போட்டதும் குறைந்ததை 1978-லேயே காட்டியிருக்கிறார்கள். நலாக்சோன் என்பது அபின் வகை மருந்துகளை முறிக்கிற மருந்து. ஆக, உடம்பே தனக்குள் வலி மருந்து சுரந்திருக்கிறது. ஆஸ்துமா அப்படியல்ல. குழாய் சுருங்கியபடி இருக்க, உணர்வு மட்டும் லேசாகிவிட்டால் அந்த ஆள் ராத்திரி இரண்டு மணிக்கு இன்ஹேலரைத் தேடமாட்டார். திணறல் தெரியாமல் தாமதித்து, உதடு நீலம் பாரித்து வந்தவர்களை எங்கள் கிளினிக் வாசலில் பார்த்திருக்கிறேன்.

மனசால் மூச்சுக்குழாயை அசைக்கவே முடியாது என்றும் சொல்லிவிடக் கூடாது. 1968-ல் ஆஸ்துமா உள்ள 40 பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர்ப் புகையைக் கொடுத்து, இது ஒவ்வாமை தூண்டும் சரக்கு என்று சொன்னார்கள். 19 பேருக்குக் குழாய் நிஜமாகவே சுருங்கியது, அதில் 12 பேருக்கு முழு இழுப்பே வந்துவிட்டது. பயம் சுருக்குகிறது, ஆனால் பாஸ்டனில் நம்பிக்கை விரிக்கவில்லை. இரண்டும் ஒரே கதவின் இரண்டு பக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அப்படி இல்லை போலிருக்கிறது.

யார் கண்ணைக் கட்டுவது

வெற்று மருந்து எதற்கு என்பது இப்போது புரிந்துவிடும். சடங்கு, பருவம், காத்திருப்பு எல்லாம் இரண்டு பக்கமும் சமமாக இருக்கும்படி செய்துவிட்டு, மருந்துச் சரக்கை மட்டும் ஒரு பக்கம் வைப்பது. குலுக்கிப் போட்டுப் பிரிப்பதும் அதற்காகத்தான். இல்லையென்றால் தெம்பான நோயாளிகளை நமக்குப் பிடித்த மருந்துப் பக்கம் தள்ளிவிடுவோம், நமக்கே தெரியாமல்.

ஆனால் தனக்குக் கிடைத்தது எது என்று நோயாளிக்குத் தெரிந்துவிட்டால் சமம் கெட்டுவிடும். இதற்கு நான் கேட்டதில் நல்ல உதாரணம் ஒன்று உண்டு. ஜலதோஷத்துக்கு வைட்டமின் சி உதவுமா என்று அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் அங்கே வேலை செய்கிறவர்களையே வைத்து ஒரு ஆய்வு நடந்தது, 1975-ல் வெளியானது. 311 பேர் சேர்ந்தார்கள். ஒரு பக்கம் வைட்டமின் சி கேப்சூல், மறுபக்கம் பால் சர்க்கரை கேப்சூல். ஆராய்ச்சி நிறுவனத்து ஆட்கள் அல்லவா, சிலர் கேப்சூலைப் பிரித்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டார்கள். புளித்தால் வைட்டமின், இனித்தால் சர்க்கரை! கடைசியில் வைட்டமின் எடுத்தவர்களுக்குச் சளி கொஞ்சம் சீக்கிரம் விட்டது போலத் தெரிந்தது. பிறகு, எது என்று கண்டுபிடிக்காதவர்களை மட்டும் தனியாக எடுத்துக் கணக்குப் போட்டார்கள். வித்தியாசம் காணாமல் போனது.

அதைவிட எனக்கு உறைத்தது 1994-ல் கனடாவிலிருந்து வந்தது, ஏனென்றால் அது என்னைப் போன்றவர்களைப் பற்றியது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய்க்கான ஒரு சிகிச்சை ஆய்வில், ஒரே நோயாளிகளை இரண்டு வகை நரம்பியல் டாக்டர்கள் பரிசோதித்தார்கள். யாருக்கு என்ன சிகிச்சை என்று தெரிந்தவர்கள் ஒரு பக்கம், தெரியாதவர்கள் மறுபக்கம். தெரிந்தவர்கள் கண்ணுக்குச் சிகிச்சை பலன் தந்தது. தெரியாதவர்கள் கண்ணுக்குத் தரவில்லை. படித்த பெரிய டாக்டர்களே இப்படி என்றால், நான் 150 மில்லியைத் தின்றதில் என்ன அதிசயம். மெஷின் எண் என்றால் பாரபட்சம் இல்லை என்று இத்தனை நாள் நம்பியிருந்தேன். ஊதும் டெஸ்ட் பாதி நோயாளியின் மூச்சு, பாதி எங்கள் தொண்டை. அதனால்தான் ஆய்வுகளில் மருந்து கொடுக்கிறவர், அளக்கிறவர், நோயாளி என்று எல்லோருக்கும் கண்ணைக் கட்டுகிறார்கள். வெறும் எண் ஒட்டிய டப்பா வரும், எந்த எண்ணில் என்ன என்கிற பட்டியல் ஃபார்மசியில் பூட்டியிருக்கும். உயிருக்கு ஆபத்து என்றால் அந்த ஒரு ஆளின் உறையை மட்டும் பிரிப்பார்கள்.

பாஸ்டனிலும் எல்லாக் கட்டும் இறுக்கமாக இல்லை. இன்ஹேலர் இரண்டில் எது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. ஆனால் சும்மா இருக்கிற நாள் சும்மா இருக்கிற நாள்தான் என்று எல்லோருக்கும் தெரியும், அதை மறைக்க வழியே இல்லை. "இன்னிக்கு ஒண்ணும் குடுக்கலியே" என்கிற ஏமாற்றமே 21-ஐக் கொஞ்சம் கீழே இழுத்திருக்கலாம். இன்னொன்று, சால்பியூட்டமால் அடித்தால் சிலருக்குக் கை லேசாக நடுங்கும், நெஞ்சு படபடக்கும். அந்த நடுக்கமே காட்டிக்கொடுத்துவிடும்.

அந்தப் பொடியைச் சோதிப்பதென்றால்

டாக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் கிறுக்கிக் காட்டியதை இங்கே எழுதுகிறேன். நாங்கள் செய்யப்போவதில்லை, யோசித்துப் பார்த்தோம், அவ்வளவுதான்.

மூன்று கூட்டம் வேண்டும். பொடி, பொடி போன்ற வெற்றுப் பொடி, எதுவும் இல்லை. மூன்று கூட்டத்துக்கும் அவரவர் தினசரி இன்ஹேலர் தொடரும். அதைப் பிடுங்கிவிட்டு வெறும் பொடியை மட்டும் மூன்று மாசம் கொடுப்பதை எந்த நெறிமுறைக் குழுவும் ஒத்துக்கொள்ளாது, ஒத்துக்கொள்ளவும் கூடாது. பாஸ்டனில் சும்மா இருந்தது இரண்டு மணி நேரம், அதுவும் கையெட்டும் தூரத்தில் மருந்தும் டாக்டரும். மூன்று கூட்டத்தையும் ஒரே மாசத்தில் சேர்த்துக் குலுக்கிப் பிரித்தால் பனியும் வெயிலும் குடோன் லீவும் மூன்றுக்கும் ஒரேபோல விழும். முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே, எதை அளக்கப்போகிறோம் என்று இந்தியாவின் மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்துவிட வேண்டும், 2009-லிருந்து அது கட்டாயம். இல்லையென்றால் முதல் நொடி அளவு நகராதபோது, "நாங்கள் பார்த்தது தூக்கத்தை" என்று கடைசியில் கதையை மாற்றலாம்.

சிக்கல் வெற்றுப் பொடியில்தான். அக்கா கொண்டுவந்த பொட்டலத்தைப் பிரித்து ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தேன். முதலில் கசப்பு, பிறகு திப்பிலி மாதிரி ஒரு காரம் தொண்டையில் போய் நின்றது. அரிசி மாவைச் சாயம் போட்டுக் கொடுத்தால் இரண்டாம் நாளே சந்தையில் பேச்சாகிவிடும். பக்கத்து ஊர்க்காரர்கள் பஸ்ஸில் பொடியை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், "உன்னுது காரமா இருக்குதா?" என்று. காரத்துக்கு மிளகு சேர்த்தால், மிளகே சளிக்கு ஏதாவது செய்யுமோ என்ற கேள்வி. கேப்சூலில் அடைத்தால் ருசி மறைந்துவிடும், ஆனால் வெறும் வயிறு, தேன், குழைப்பது எல்லாம் போய்விடும். பிறகு சோதிக்கப்படுவது அக்கா தின்ற வைத்தியமே அல்ல. எதை விட்டு எதைப் பிடிப்பது என்று டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

கட்டு அவிழ்ந்ததா என்று பார்க்க ஒரு வழி சொன்னார். உங்களுக்குக் கிடைத்தது எது என்று நினைக்கிறீர்கள் என ஆட்களையே கேட்பது. பாதிக்குப் பாதி தப்பாகச் சொன்னால் கட்டு நிற்கிறது. ஆனால் அதைக் கடைசியில் கேட்டால், சுகமானவர்கள் எல்லாம் நிஜப் பொடி என்றுதான் சொல்வார்கள். ருசி தெரிந்து சொன்னார்களா, குணமாகிச் சொன்னார்களா என்று பிரிக்க முடியாது. எனவே முதல் வாரத்திலேயே, பலன் தெரிவதற்கு முன்னால் ஒரு தடவை கேட்டுவிட வேண்டும்.

இவ்வளவும் நாங்கள் பேசி முடிக்கும்வரை அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உள்ளே கூப்பிட்டு டாக்டர் இரண்டு எண்ணையும் காட்டினார். அக்கா கொஞ்ச நேரம் தாளையே பார்த்தார்.

"அப்ப எனக்கு மூச்சு லேசாச்சுன்னு சொன்னது பொய்யுங்களா?"

"இல்லீங்கம்மா. உங்களுக்கு லேசாத்தான் இருக்குது. குழாய்க்குத்தான் இன்னும் லேசாகல. பொடி வேணும்னா தின்னுங்க, ரத்தம் மட்டும் மாசம் ஒருக்கா பாத்துக்கலாம். இன்ஹேலர விடாதீங்க. பழகிப் போற சாமானமில்ல அது."

"தயிரு திங்கலாமுங்களா?"

"தாராளமா."

அதில்தான் அக்கா முகத்தில் முதல் சிரிப்பு வந்தது. சுருக்குப் பையில் வெற்றிலைக்குப் பக்கத்தில் நீல இன்ஹேலரைத் திணித்துக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து எங்கள் கிளினிக்கில் ஒரு சின்ன மாற்றம். டெஸ்ட் சீட்டில் முன்பெல்லாம் "பொடி எடுத்தார்", "மருந்து நிறுத்திவிட்டார்" என்று வரலாறு இருக்கும். இப்போது வயது, உயரம், எடை மட்டும்தான். பழைய எண்ணும் என் கண்ணில் படாது, புது டெஸ்ட் முடிந்த பிறகுதான் ஃபைல் வரும். ஆடி மாசம் அக்காவுக்கு அடுத்த டெஸ்ட். அவரை எனக்கு நன்றாகத் தெரியும் என்பதால் தம்பிதான் எடுக்கப்போகிறான். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அவரோடு பேசிக்கொண்டிருப்பேன், ஊதி முடித்த பிறகு.